ஹோலுக்குள்ள கோடு, உச்சியில சுழி: தொடர்மாடி வி.ஆர். நடைக்கு ஸ்ரீரியோ பனோரமா

கோடுகிறுக்கி

வணக்கம். நல்லூர்ப் பக்கம் இனித்தான் எழும்பப்போற ஒரு தொடர்மாடிக்கு வி.ஆர். நடை செய்யிறன். வாங்கிற ஆக்களில பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கினம். ஹெட்செற்றைப் போட்டுத்தான் வீடு பாப்பினம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்ரீரியோ பனோரமா, கதவடியில தொட்டால் அடுத்த அறை, அவ்வளவுதான் திட்டம்.

பிளெண்டரில சைக்கிள்ஸ், Equirectangular, Spherical Stereo போட்டிருக்கிறன். ஹோல் 5.2 × 4.1 மீற்றர், சீலிங் 3 மீற்றர். கமரா நடு ஹோலில, 1.6 மீற்றர் உயரத்தில. ஒரு கண்ணுக்கு 4096 × 2048. மூண்டு பிரச்சினை:

பல்கனிக் கண்ணாடிக் கதவுக்கு நடுவில மேலிருந்து கீழ வரை மயிர் மாதிரி ஒரு கோடு.

அண்ணாந்து பாத்தால் சீலிங் பான் நீர்ச்சுழி மாதிரி முறுகிக் கிடக்கு. இடக்கண்ணில ஒரு பக்கம், வலக்கண்ணில மற்றப் பக்கம்.

பல்கனிக்கு வெளியில நிக்கிற பனையளைப் பாத்தால் ரெண்டு நிமிசத்தில கண் நோகுது. உள்ளுக்க செற்றியைப் பாக்கேக்க அவ்வளவு இல்லை.

எல்லாம் ரெசலூசன் காணாததாலயோ? 8192 போட்டால் ஒரு அறைக்கு ஒரு இரவு முழுக்க ஓடும். அதுக்கு முதல் கேட்டுக்கொள்ளுவம் எண்டு வந்தனான்.

ரெண்டர்தம்பி

Spherical Stereo-வை விட்டிட்டு ரெண்டு கமரா வையுங்கோ. 6.5 செ.மீ. இடைவெளியில ரெண்டு சாதாரண 360 பனோரமா. ஒண்டு இடக்கண், மற்றது வலக்கண். சுழி வரவே வராது. நேரமும் மிச்சம்.

பனங்கூடல்

தம்பி சொன்னதில சுழி வராது எண்டது மட்டும் சரி. மற்றது பிழை. ரெண்டு கமராவும் இடம் வலமா நிண்டால், நேர முன்னுக்குப் பாக்கேக்க ஆழம் சரியா இருக்கும். 90 பாகை திரும்பினால் ஒரு கமரா மற்றதுக்குப் பின்னால வந்திடும். அங்க ஆழமே இல்லை, ஒரு கண்ணுக்குப் பொருள் கொஞ்சம் பெரிசா மட்டும் தெரியும். முழுக்கத் திரும்பினால் இடம் வலம் மாறி, கிட்ட இருக்கிறது தூரவும் தூர இருக்கிறது கிட்டவுமாத் தெரியும். அதில சுவர் பள்ளம் விழுந்த மாதிரி வரும்.

Spherical Stereo செய்யிறது வேற. 3.25 செ.மீ. ஆரையில ஒரு சின்ன வட்டம். படத்தின்ர ஒவ்வொரு நிரலுக்கும் கண்ணை அந்த வட்டத்தில ஒரு இடத்தில வைச்சுக் கதிரை அனுப்பும். தலையைத் திருப்பத் திருப்பக் கண் எங்க போகுமோ, அங்கயிருந்துதான் அந்த நிரல் வரையப்படுது. அதாலதான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆழம் சரி. அதின்ர விலைதான் உச்சியில வாற சுழி.

கோடுகிறுக்கி, உங்கட மூண்டும் மூண்டு வேற வேற காரணம். ரெசலூசனுக்கும் அதுகளுக்கும் சம்பந்தம் இல்லை. 8192 போட்டால் அதே சுழி இன்னும் கூர்மையாத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில கண் நோவைப் பாப்பம், அது லேசு. கமராவின்ர Stereoscopy பகுதியில Mode என்னவெண்டு இருக்கு?

கோடுகிறுக்கி

Off-Axis. Convergence Plane Distance 1.95 m. நான் தொடயில்லை, இருந்தபடி விட்டது.

பனங்கூடல்

அதுதான் காரணம். அந்த 1.95 மீற்றர் திரையில பாக்கிற 3டி படத்துக்கு உரிய விசயம். சினிமாத் திரை எங்க நிக்குதோ அந்தத் தூரத்தில ரெண்டு கண்ணின்ர படமும் ஒண்டா விழவேணும் எண்டு வைக்கிறது. ஹெட்செற்றில திரை எண்டு ஒண்டு இல்லை. ரெண்டு கண்ணும் நேராப் பாத்தால் அது முடிவிலி.

உங்கட படத்தில 1.95 மீற்றரில இருக்கிற பொருளுக்கு ரெண்டு கண்ணிலும் ஒரே இடம். அதால மூளை அதை முடிவிலியில வைக்குது. அதைவிடத் தூரத்தில இருக்கிற எல்லாத்துக்கும் ரெண்டு கண்ணும் வெளிப்பக்கமா விரியவேணும். பனைக்கு அந்த விரிவு கிட்டத்தட்ட 1.9 பாகை. ஆக்களின்ர கண் உள்பக்கம் வடிவாத் திரும்பும், வெளிப்பக்கம் விரியப் பழகினதில்லை. நோகாமல் என்ன செய்யும்? செற்றி ரெண்டு மீற்றருக்குள்ள இருக்கிறபடியால் அது தாங்குது.

Mode-ஐ `Parallel` ஆக்குங்கோ. அப்ப அந்தத் தூரம் கணக்கில வராது. சரியா எண்டு பாக்க ஹெட்செற் தேவையில்லை:

```
magick L.png R.png -compose difference -composite vithiyasam.png
```

இந்தப் படத்தில பனையடி கிட்டத்தட்டக் கறுப்பா இருக்கவேணும். 60 மீற்றர் தூரப் பனைக்கு 8192 அகலப் படத்திலயே ஒண்டரைப் பிக்சல் கூட வித்தியாசம் வராது. செற்றியடியில இரட்டை விளிம்பு நல்லாத் தெரியவேணும். இப்ப உங்களிட்ட இருக்கிறது தலைகீழா இருக்கும்: ரெண்டு மீற்றர் சுவர் கறுப்பு, பனை இரட்டை.

இன்னொண்டு. மொடலை எங்கயிருந்து எடுத்தது? மில்லிமீற்றரில கீறின பிளானை அப்படியே உள்ளுக்கு எடுத்தால் 0.065 எண்டது உண்மையில எத்தினை எண்டு ஒருக்கால் பாருங்கோ. கதவின்ர உயரத்தை அளந்தால் போதும். 2.1 எண்டு வந்தால் சரி. 2100 எண்டு வந்தால் உங்கட ரெண்டு கண்ணும் ஒரே இடத்தில நிக்குது.

சுதாக்கா

உந்தக் கோடு எனக்கும் வாறது. நான் 360 கமராவால வீடுகள் எடுக்கிறனான். ரெண்டு வில்லையும் சேருற இடத்தில, மேசை கிட்ட இருந்தால் மேசை வெட்டுப்பட்டுப் போகும். கமராவை மேசையில இருந்து ஒரு மீற்றர் தள்ளி வைச்சால் குறையும். வில்லை ரெண்டும் சேருற பக்கத்தைப் பொருள் இல்லாத பக்கம் திருப்பிறது இன்னும் நல்லது.

பனங்கூடல்

அக்கா, அது ரெண்டு வில்லை ரெண்டு இடத்தில இருக்கிறதால வாற வெட்டு. இங்க ரெண்டு படத்தை ஒட்டயில்லை, ஒரே படம்தான். அதின்ர இட விளிம்பும் வல விளிம்பும் சேருற இடத்தில கோடு. காரணம் வேற, ஆனா நீங்கள் சொன்ன பரிகாரத்தில பாதி இதுக்கும் பொருந்தும், அதைக் கீழ சொல்லுறன்.

சைக்கிள்ஸ் கணக்குப் பாக்கிற நேரத்தில விளிம்பில ஒண்டும் பிழைக்காது. கதிர் அளவில -180 பாகையும் +180 பாகையும் ஒரே திசை. பிழைக்கிறது அதுக்குப் பிறகு. டீநொய்சர் படத்தைத் தட்டைப் படமாத்தான் பாக்கும். இட விளிம்போட உலகம் முடிஞ்சுது எண்டு நினைக்கும். வல விளிம்பில இருக்கிற பிக்சல்தான் பக்கத்து வீட்டுக்காரன் எண்டு அதுக்குத் தெரியாது. அதால ரெண்டு விளிம்பையும் தன்ர பாட்டில வேற வேற மாதிரி மழுக்கும். கண்ணாடிக் கதவு மாதிரிப் புள்ளி கூடின இடத்தில இந்த வித்தியாசம் கோடாத் தெரியும். Glare நோட் போட்டிருந்தால் இன்னும் மோசம். வெளிச்சத்தின்ர ஒளிவட்டம் விளிம்பில கத்தியால வெட்டின மாதிரி நிக்கும்.

படத்திலயே இருக்கோ, வியூவரில வருகுதோ எண்டு முதலில பிரிச்சுப் பாருங்கோ. 4096 அகலத்துக்கு:

```
magick L.png -roll +2048+0 L_urutti.png
```

இப்ப விளிம்பு படத்தின்ர நடுவுக்கு வந்திடும். நூறு வீதத்தில பாருங்கோ. கோடு அங்க இருந்தால் டீநொய்ஸ் அல்லது Glare. அங்க இல்லாமல் ஹெட்செற்றில மட்டும் தெரிஞ்சால் வியூவர்.

படத்தில இருந்தால் மலிவான வழி, அக்கா சொன்னதுதான்: கமராவைத் திருப்பிறது. விளிம்பு எப்பவும் கமராவின்ர முதுகுப் பக்கம் விழும். உங்கட கமரா இப்ப பல்கனிக்கு முதுகு காட்டி நிக்குது. அதை வெறும் பெயின்ற் சுவருக்கு முதுகு காட்ட வையுங்கோ. ஆக்கள் உள்ளுக்கு வரேக்க எந்தப் பக்கம் பாக்கவேணுமோ, அதை வியூவரில உருண்டையைத் திருப்பிச் சரிப்படுத்தலாம். ரெண்டு கண்ணுக்கும் ஒரே அளவு திருப்பினால் ஸ்ரீரியோ கெடாது.

வெறும் சுவர் இல்லாத அறைக்கு ரெண்டாம் வழி. கொம்பொசிற்றரில Translate நோட்டால, X பக்கம் சுத்தி வாற மாதிரி வைச்சு, படத்தை அரைவாசி அகலம் உருட்டுங்கோ. டீநொய்சுக்குப் போற Normal, Albedo ரெண்டையும் அதே அளவு உருட்டவேணும். அதுகளை மறந்தால் டீநொய்சர் செற்றியின்ர விளிம்பைக் கதவில தேடும். டீநொய்ஸ் பண்ணித் திருப்பி உருட்டுங்கோ. பிறகு வழமையாச் செய்த படத்தின்ர ரெண்டு விளிம்பிலும் 100 பிக்சல் அளவுக்கு மட்டும் இந்தப் படத்தை மெதுவாக் கலந்து விடுங்கோ. Glare-க்கும் இதே கதைதான்.

உருட்டலாம், ஏனெண்டால் ஒவ்வொரு நிரலும் தன்ர கண் நிலையைத் தானே கொண்டு திரியுது. ஆனா படத்தைச் சரிக்கக்கூடாது. அடிவானம் சாய்வா இருக்கெண்டு போட்டோசொப்பில நிமிர்த்தினால் கண்ணிடைவெளியும் சேர்ந்து சாயும், ஒரு கண்ணில பொருள் மேலயும் மற்றதில கீழயும் போகும். கமராவின்ர Rotation X சரியா 90, Y சரியா 0. 89.6 எண்டெல்லாம் இருக்கக்கூடாது.

ரெண்டர்தம்பி

அப்ப சுழிக்கு வழி கியூப்மப் தானே? உருண்டைப் படத்தில மேல் வரி முழுக்க ஒரு புள்ளிதான். அதை இழுத்து விரிக்கிறதாலதான் முறுகுது. ஒரு கண்ணுக்கு ஆறு முகம், ரெண்டு கண்ணுக்குப் பன்னிரண்டு. கியூப்புக்குத் துருவமே இல்லை. வி-ரேயில கியர் வி.ஆர். காலத்தில 18432 × 1536 எண்டு பன்னிரண்டு முகத்தையும் ஒரே பட்டியா எடுக்கிற வழக்கம் இருந்தது.

பனங்கூடல்

பன்னிரண்டு முகம் சரி, 1536 × 12 கணக்கும் சரி. உருண்டைப் படத்தில உச்சியில பிக்சல் வீணாப் போகுது எண்டதும் சரி, கியூப்மப் அதைச் சேமிக்கும். ஆனா சுழி பிக்சலால வாறது இல்லை.

நேர மேல பாக்கிறதை யோசியுங்கோ. சுத்திவர 360 பாகையிலும் இருக்கிற நிரல்கள் எல்லாம் உச்சியில சந்திக்குது. ஆனா ஒவ்வொரு நிரலும் அந்த 3.25 செ.மீ. வட்டத்தில வேற வேற இடத்தில இருந்து மேல பாக்குது. ஆக, உச்சி எண்ட ஒரு திசைக்குச் சீலிங்கில ஒரு முழு வட்டம் பதிலா வருகுது. அந்த வட்டத்துக்கு உள்ளுக்க இருக்கிறது படத்தில வரவே வராது. கமராவுக்கு நேர மேல 6.5 செ.மீ. விட்டத்துக்குள்ள ஒரு கொளுக்கி இருந்தால் அது காணாமல் போயிருக்கும். அதைச் சுத்தி இருக்கிறது அந்த இடத்தை நிரப்ப முறுகுது. இடக்கண் வட்டத்தில எதிர்ப்பக்கம் நிக்கிறபடியால் எதிர்ப்பக்கம் முறுகும். கோடுகிறுக்கி கண்டது அதைத்தான்.

கதிர் கிளம்பிற இடம் திசையைப் பொறுத்தது எண்டிருக்கிறவரை, உருண்டையில வரைஞ்சாலும் கியூப்பில வரைஞ்சாலும் மேல் முகத்தின்ர நடுவில அதே சுழிதான். சுழியே வராத கியூப் ஒண்டு இருக்கு: ஒவ்வொரு முகத்துக்கும் கண்ணை ஒரே இடத்தில நிறுத்தி எடுக்கிறது. அதில முகம் மாறுற மூலையில கண் திடீரெண்டு இடம் மாறும். நாலு மூலையிலும் நாலு வெட்டு. ஒரு சுழியைக் கழுவப் போய் நாலு கோடு வாங்கின கதை.

வழி என்னவெண்டால், உச்சிக்குக் கிட்டக் கிட்ட அந்த வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு போய்ப் புள்ளியாக்கிறது. உச்சியில ரெண்டு கண்ணுக்கும் ஒரே படம், ஆழம் இல்லை, சுழியும் இல்லை. பிளெண்டரில அதுக்குப் பேர் `Pole Merge`. இருந்தபடி 60 பாகையில சுருங்கத் தொடங்கி 75-ல முடியும். ஒருக்கால் அதைப் போட்டு எடுத்துப் பாருங்கோ.

அதோட கமராவைப் பானுக்குக் கீழ இருந்து எடுங்கோ. பானின்ர இலை 2.6 மீற்றரில எண்டால் கண்ணுக்கு ஒரு மீற்றர் மேல. கமராவைப் பக்கவாட்டில ஒரு மீற்றர் நகர்த்தினால் பான் 45 பாகைக்கு வந்திடும், ஆபத்தான இடத்துக்கு வெளியில. உச்சியில வெறும் வெள்ளைச் சீலிங் மட்டும் இருந்தால் அங்க என்ன முறுகினாலும் ஆருக்குத் தெரியும்?

கோடுகிறுக்கி

ரெண்டு நாளா எடுத்துப் பாத்தன். `Parallel` போட்டதும் பனை நோவு போச்சு. வித்தியாசப் படம் சொன்ன மாதிரியே மாறிச்சு, பனை கறுப்பு. மொடல் அளவு சரி, கதவு 2.1.

உருட்டிப் பாத்ததில கோடு படத்திலதான் இருந்தது. கமராவை ரி.வி. இல்லாத சுவருக்கு முதுகு காட்ட வைச்சன், படத்தில போயிட்டுது. ஆனா ஹெட்செற்றில உத்துப் பாத்தால் அந்தச் சுவரில இன்னும் ஒரு மெல்லிய இழை தெரியுது.

பான் இப்ப சரி. சீலிங் சுத்தம். ஆனா கீழ புதுப் பிரச்சினை. தரை 60 × 60 ரைல். காலடியைச் சுத்தி ரைல் பொருத்து நேரா வந்து, ஒரு இடத்தில கெண்டை மடங்கின மாதிரி ஒடிஞ்சு, பிறகு நேராப் போகுது. வட்டமா ஒரு வளையம் போட்ட மாதிரி.

பனங்கூடல்

அது 75 பாகை வளையம். நான் எதிர்பாத்ததுதான், சீலிங்கில பொருத்துக்கோடு இல்லாததால அங்க தெரியயில்லை.

சைக்கிள்ஸ் அந்த வட்டத்தைக் கோசைன் வளைவில சுருக்குது. 60-ல தொடங்கேக்க மெதுவாத் தொடங்கும், அங்க ஒண்டும் தெரியாது. 75-ல வந்து சேரேக்க முழு வேகத்தில வந்து சடாரெண்டு நிக்கும். அந்த இடத்திலதான் கெண்டை மடங்குது.

கண் தரையில இருந்து 1.6 மீற்றர். 60 பாகை எண்டது காலடியில இருந்து 92 செ.மீ., 75 எண்டது 43 செ.மீ. அந்த அரை மீற்றருக்குள்ள 3.25 செ.மீ. விலகல் முழுக்கத் தீரவேணும். மடங்கிற இடத்தில கோடு ஆறரைப் பாகை அளவுக்குத் திரும்பும். ஒடுங்கின ரைல் பொருத்தில அது அப்பட்டமாத் தெரியும்.

இடத்தைக் கூட்டிக் குடுங்கோ. 45-ல தொடங்கி 85-ல முடிச்சால் அதே மடிப்பு கிட்டத்தட்ட 2.6 பாகையாக் குறையும். அதோட அது காலடியில இருந்து 14 செ.மீ.-க்குள்ள போயிடும். ஆழம் ரொம்பப் போயிடுமோ எண்டு பயப்படத் தேவையில்லை: 60 பாகையில இன்னும் 83 வீதம் இருக்கும், 70-ல பாதிக்குக் கொஞ்சம் மேல.

```python
import bpy
from math import radians
c = bpy.context.scene.camera.data
c.stereo.use_spherical_stereo = True
c.stereo.convergence_mode = 'PARALLEL'
c.stereo.interocular_distance = 0.065
c.stereo.use_pole_merge = True
c.stereo.pole_merge_angle_from = radians(45)
c.stereo.pole_merge_angle_to = radians(85)
```

கவனிக்கவேண்டியது ஒண்டு. இந்த ரெண்டு கோணமும் மேலுக்கும் கீழுக்கும் பொது. 45-ல தொடங்கினால் காலடியைச் சுத்தி 1.6 மீற்றர் வட்டத்துக்குள்ள தரை கொஞ்சம் கொஞ்சமாத் தட்டையாகும். நடு மேசை அதுக்குள்ள வந்தால் மேசைக் கால் வளையும். 45 செ.மீ. உயர மேசை கமராவில இருந்து 1.2 மீற்றர் தள்ளி நிண்டால் மேசைத் தட்டுத் தப்பும், காலின்ர அடி மட்டும் கொஞ்சம் உள்ளுக்க வரும். 70 செ.மீ.-ல நிண்டால் மாட்டும். மேசையை நகர்த்தேலாது எண்டால் கமராவை நகர்த்துங்கோ.

வலைப்பின்னி

ஹெட்செற்றில மட்டும் தெரியிற இழைக்கு நான் பதில் சொல்லுறன். வியூவர் திரீ.ஜேஎஸ்ஸோ? ரெண்டு கண்ணையும் மேல்-கீழா ஒரே படத்தில அடுக்கி இருக்கிறீங்களோ?

ஒரு கேள்வி: குனிஞ்சு நேர காலடியைப் பாத்தால் இடக்கண்ணில மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு, அண்ணாந்தால் வலக்கண்ணில மட்டும் ரைல் நிறத்தில ஒரு பொட்டு தெரியுதோ? ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ.

கோடுகிறுக்கி

ஓம், திரீ.ஜேஎஸ். இடக்கண் மேல. நீங்கள் சொன்ன பொட்டு ரெண்டும் இருக்கு! நான் அதை ரெண்டர் புள்ளி எண்டு விட்டிட்டன். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?

வலைப்பின்னி

அடுக்கின படத்தின்ர நடுக்கோட்டைப் பாருங்கோ. கோட்டுக்கு மேல் வரி இடக்கண்ணின்ர தரை. கீழ் வரி வலக்கண்ணின்ர சீலிங். ஜிபியூ பக்கத்துப் பிக்சலைக் கலந்து எடுக்கேக்க ரெண்டும் கலக்குது. இடக்கண் தரைக்கு வெள்ளைச் சீலிங் கசியுது, வலக்கண் சீலிங்குக்கு ரைல் கசியுது. மிப்மப் ஓடினால் கசிவு இன்னும் பெருசு. படத்தின்ர ரெண்டு வெளி விளிம்பிலும் கலக்க ஆளில்லை, அதால மற்ற ரெண்டு துருவமும் சுத்தம்.

பக்கவாட்டு இழையும் கிட்டத்தட்ட இதே வியாதி: இட விளிம்பும் வல விளிம்பும் ஒண்டோடொண்டு கலக்காமல் ரெண்டும் தன்ர தன்ர விளிம்பிலயே நிக்குது.

```js
const g = new THREE.SphereGeometry(50, 128, 64);
g.scale(-1, 1, 1);
tex.wrapS = THREE.RepeatWrapping;
tex.generateMipmaps = false;
tex.minFilter = THREE.LinearFilter;

const uv = g.attributes.uv;
const h = 0.5 / tex.image.height;
for (let i = 0; i < uv.count; i++)
  uv.setY(i, 0.5 + h + uv.getY(i) * (0.5 - 2 * h));
meshL.layers.set(1);
```

வலக்கண்ணுக்கு இன்னொரு உருண்டை, `0.5 + h` இருக்கிற இடத்தில `h` மட்டும், `layers.set(2)`. அந்த `h` எண்டது அரைப் பிக்சல். நடுக்கோட்டில இருந்து அரைப் பிக்சல் உள்ளுக்குத் தள்ளி நிண்டால் கசிய வழியில்லை.

128, 64 எண்டதையும் கவனியுங்கோ. உருண்டையைக் குறைஞ்ச துண்டில செய்தால் துருவத்தில முக்கோணங்கள் படத்தைக் கோணலாப் பிடிச்சு இழுக்கும். அது சுழி மாதிரி இராது, நட்சத்திரம் மாதிரி வாள்பல்லா இருக்கும், ரெண்டு கண்ணிலும் ஒரே மாதிரி. சுழி எண்டால் ரெண்டு கண்ணிலும் எதிரெதிர். இதை வைச்சே வியூவர் பிழையா ரெண்டர் பிழையா எண்டு பிரிக்கலாம்.

இடம் வலம் மாறிப்போச்சோ எண்டும் ஒருக்கால் பாருங்கோ. கிட்ட இருக்கிற பொருள் இடக்கண் படத்தில கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிக்கவேணும்.

ரெசலூசன் கதை: குவெஸ்ட் 2 மாதிரி ஹெட்செற் பாகைக்கு ஏறக்குறைய 20 பிக்சல் காட்டும். உங்கட 4096 பாகைக்குப் 11 தான், மங்கலாத்தான் இருக்கும். 8192 எண்டால் 22, ஆனா ரெண்டு கண்ணையும் அடுக்கினால் ஜிபியூவில 256 எம்.பி. அறை மாறேக்க பழையதும் புதுசும் சேர்ந்து நிண்டால் ரெண்டு மடங்கு. 6144-ல 144 எம்.பி., பாகைக்குப் 17. நான் எண்டால் 6144-ல நிப்பன். பழைய படத்துக்கு `tex.dispose()` குடுக்க மறக்கக்கூடாது, இல்லாட்டில் நாலாம் அறையில பிரவுசர் விழுந்திடும்.

பனங்கூடல்

ரெசலூசனில மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ரைல் பொருத்து, யன்னல் கம்பி மாதிரி மெல்லிய கோடுள்ள வீட்டில 17-க்கும் 22-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஹோலை மட்டும் எண்டாலும் 8192-ல எடுங்கோ, மற்ற அறைக்கு 6144 போதும்.

வலைப்பின்னி

மிப்மப்பை நிப்பாட்டினால் 8192-ல அந்த மெல்லிய கோடுகள் மினுங்கத் தொடங்கும் அண்ணை. 6144-ல அது குறைவு. ரெண்டையும் ஹெட்செற்றில வைச்சுப் பாத்துத்தான் சொல்லலாம்.

மேசன்மகன்

வேற ஒரு சங்கதி. பாத்ரூமுக்கு என்ன செய்யப்போறீங்கள்? இந்த மாதிரித் தொடர்மாடியளில 1.5 × 2.1 தானே வரும். நடுவில கமரா வைச்சாலும் சுவர் முக்கால் மீற்றரில. ரெண்டு கண்ணும் 5 பாகை உள்ளுக்குத் திரும்பவேணும். தலை சுத்தும்.

ரெண்டர்தம்பி

கண்ணிடைவெளியைக் குறைச்சால் சரி. 0.065-ஐ 0.045 ஆக்குங்கோ. அஞ்சு பாகை மூண்டரைக்கு வரும். சுழியும் குறையும், தரை மடிப்பும் குறையும்.

பனங்கூடல்

இந்த முறை தம்பி சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா ஒண்டு விட்டிட்டார். கண்ணிடைவெளி குறைஞ்சால் அறை பெருசாத் தெரியும். 6.5-ஐ 4.5 ஆக்கினால் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. ஒண்டரை மீற்றர் பாத்ரூம் ரெண்டு மீற்றருக்கு மேல எண்டு கண் சொல்லும்.

மேசன்மகன்

அதைத்தான் நான் சொல்ல வந்தனான். ரொறன்ரோவில இருக்கிற ஆள் இதைப் பாத்து முற்பணம் கட்டும். பிறகு வந்து கதவைத் திறந்தால் சின்னப் பாத்ரூம். பிளானில அளவு இருக்கு எண்டு சொல்லலாம், ஆனா அந்த ஆள் பாத்தது பிளானை இல்லை.

சுதாக்கா

போட்டோவில அகல வில்லை போட்டு எடுக்கிறதும் இதே வேலைதானே. எல்லாரும் செய்யினம்.

மேசன்மகன்

போட்டோவில ஆக்களுக்குத் தெரியும் வில்லை ஏமாத்தும் எண்டு. ஹெட்செற்றைப் போட்டு உள்ளுக்க நிக்கேக்க தெரியாது அக்கா.

பனங்கூடல்

பாத்ரூமுக்கு என்ர வழி: ஸ்ரீரியோவே வேண்டாம். ஒரு கண் படத்தை ரெண்டுக்கும் குடுங்கோ. கண் நோகாது, சுழி இல்லை, மடிப்பு இல்லை. கண்ணால அளவைத் திட்டமாப் பிடிக்கேலாது, அதால பிழையாச் சொல்லவும் மாட்டுது. இல்லாட்டில் கமராவை வாசலில வைச்சு எட்டிப் பாக்கிற மாதிரிச் செய்யலாம், தூரச் சுவர் ரெண்டு மீற்றருக்குப் போயிடும். அதில 6.5-ஐ மாத்தத் தேவையில்லை. ஆனா வாசல் நிலை தோளடியில வரும், கதவின்ர இலையை மறைச்சு விடவேண்டி வரும்.

கோடுகிறுக்கி

வாசல் வழியை இண்டைக்கு எடுத்துப் பாக்கிறன். நிலை 40 செ.மீ.-ல வருகுது, அதைப் பாக்கத் திரும்பினால் கொஞ்சம் கண் இழுக்குது.

ஹோல் நிலவரம்: 45–85 போட்டதும் வளையம் போயிட்டுது. தேடிப் பாத்தால் காலடியில ஒரு சின்ன மடிப்பு, அவ்வளவுதான். அரைப் பிக்சல் தள்ளினதில பொட்டு ரெண்டும் இல்லை, சுவர் இழையும் இல்லை. காலடியில சின்னக் கம்பளம் ஒண்டு போட்டால் மடிப்பும் மறையும் எண்டு நினைச்சன், பிளான் கீறினவர் தன்ர ரைலை மூடக்கூடாது எண்டு நிக்கிறார்.

8192-ஐயும் 6144-ஐயும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திட்டு எழுதுறன். கரண்ட் நிண்டுபோகாமல் இருக்கவேணும்.

வலைப்பின்னி

பாக்கேக்க பல்கனிக் கம்பியடியில நிண்டு தலையை மெதுவா அசைச்சுப் பாருங்கோ. மினுக்கம் அங்கதான் முதலில தெரியும்.